குரல் உடையும் இடம்: மார்புக் குரலிலிருந்து தலைக் குரலுக்குப் பிசிறின்றிப் போக

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி எங்கள் பாடகர் குழுவில் சேர வந்தான். வயது இருபத்து மூன்று. சிறு வயதிலிருந்தே கானா பாடுகிறவன். சட்டி மேளத்துக்கு மேலே, மைக் இல்லாமல், தெருமுனை வரை கேட்கும்படி பாடுவான். ஞாயிறு ஆராதனையில் ஒரு பாடலின் மூன்றாவது அடி மேலே ஏறும்போது அவன் குரல் சட்டென்று பிளந்தது. மெலிந்த, வேறு யாருடையதோ போன்ற ஒரு குரல் வெளியே வந்தது. அடுத்த சுரத்துக்குள் அவன் வாயை மூடிக்கொண்டான்.

“அக்கா, கீழே எல்லாம் நன்றாக வருகிறது. அந்த ஒரு இடத்தில்தான் விட்டுப்போகிறது. அந்தச் சுரத்துக்கு மட்டும் ஏதாவது பயிற்சி கொடுங்கள்” என்றான்.

ராயபுரத்தில் பல ஆண்டுகளாகப் பாடகர் குழுவைப் பயிற்றுவிக்கிறேன். இதே கேள்வியோடு வந்தவர்கள் ஏராளம். எல்லோரும் உடைகிற சுரத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். பிழை அந்தச் சுரத்தில் இருப்பதில்லை. அதற்கு மூன்று நான்கு சுரங்கள் கீழே, எல்லாம் நன்றாக வருவதாக அவர்கள் நம்புகிற இடத்தில் இருக்கிறது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் சொல்லும் தீர்வு இந்த ஒரு உண்மையிலிருந்துதான் வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

மார்புக் குரல், தலைக் குரல் என்ற பெயர்கள் அதிர்வை நாம் எங்கே உணர்கிறோம் என்பதை வைத்து வந்தவை. சத்தம் இரண்டிலும் ஒரே இடத்தில், குரல்வளையில்தான் பிறக்கிறது. மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854இல் ஒரு சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் பிடித்து, பாடும்போது குரல் நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதி அனுப்பினார்.

குரல் நாண்களுக்கு உள்ளேயே ஒரு தசை ஓடுகிறது. அது இறுகினால் நாண்கள் குட்டையாகி, தடித்து, முழு ஆழத்தோடு மோதி அதிரும். அதுதான் மார்புக் குரல். பேசுவதும் கூப்பிடுவதும் அதில்தான். குரல்வளையின் முன்பக்கத்தில் இன்னொரு தசை இருக்கிறது. அது இழுத்தால் நாண்கள் நீண்டு மெலியும், ஓரங்கள் மட்டும் அதிரும். அது தலைக் குரல். சுருதி ஏற ஏற முன்தசை இழுத்துக்கொண்டே போக வேண்டும், உள்தசை விட்டுக்கொண்டே வர வேண்டும்.

கரையில் வலைக் கயிற்றை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவர் பளுவை ஏற்றுக்கொள்ளும் வரை கொடுக்கிறவர் கையை விடமாட்டார். கடைசி நொடி வரை ஒருவரே இழுத்து, தாங்க முடியாமல் ஒரேயடியாக விட்டுவிட்டால் கயிறு துள்ளும். குரல் உடைவது அந்தத் துள்ளல்தான். உள்தசை விட மறுத்தது கீழே, துள்ளியது மேலே.

முதலில் இடத்தைக் குறியுங்கள்

அறிகுறியைப் பார்க்கும் முன் ஒரு சோதனை. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுரத்தின் பெயர் `C4`, `E4` என்று திரையில் வரும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணுக்குத் தார ஸ்தாயி ஸட்ஜம் `C4`, காந்தாரம் `E4`, மத்திமம் `F4`.

‘ஆ’ என்று நடுத்தரச் சத்தத்தில் கீழிருந்து மேலே, இடைவெளி விடாமல், ஆலைச் சங்கு ஏறுவது போல வழுக்கிக்கொண்டு போங்கள். எங்கே துள்ளுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே தலைக் குரலில் தொடங்கி அதே வழியில் கீழே வழுக்குங்கள். மார்புக் குரல் வந்து ஒட்டுகிற இடத்தையும் குறியுங்கள். இரண்டையும் பதிவு செய்து, மூன்று நாள் மாலையில் திரும்பச் செய்யுங்கள். காலை எழுந்தவுடன் செய்யாதீர்கள், அப்போது நாண்கள் வீங்கிக் கனத்திருக்கும், கணக்கு தவறும்.

இரண்டு குறிகளும் ஒரே இடத்தில் விழாது. ஏறும்போது உடைவது மேலே, இறங்கும்போது ஒட்டுவது கீழே. நம் தம்பிக்கு ஏறும்போது `F4`, இறங்கும்போது `C4`. அவன் இதைப் பார்த்து அளவு தவறிவிட்டதோ என்று மறுபடி மறுபடி செய்தான். அளவு சரிதான். இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே இருக்கிற பகுதியில் இரண்டு குரல்களும் பாட முடியும். பயிற்சி முழுவதும் அங்கேதான் நடக்கப்போகிறது. அதை இடைநிலம் என்று சொல்கிறேன்.

பெண்களுக்கு ஒரு செய்தி. இந்தத் துள்ளல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், `D4` முதல் `F4`, `F#4` வரை உள்ள பகுதியில்தான் வருகிறது. ஆனால் சுருதி வேறு என்பதால் அது விழும் சுரம் வேறு. ஒரு கட்டையில் பாடும் ஆணுக்குத் தார ஸ்தாயியில், எப்போதாவது தொடுகிற உயரத்தில் வருகிறது. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு மத்திய ஸ்தாயி பஞ்சமத்துக்கும் நிஷாதத்துக்கும் இடையே, பாட்டின் நடு வீட்டிலேயே வருகிறது. ஒரு பாட்டில் முப்பது தடவை அந்த இடத்தைக் கடக்க வேண்டும். அதனால் பெண்கள் பலர் அதை உடைப்பாக உணர்வதில்லை, “நடுக் குரலில் வலுவில்லை” என்று சொல்கிறார்கள். அது இதே பிழைதான்.

அறிகுறி: மேலே ஏறும்போது பளிச்சென்று உடைகிறது

கீழே கனமான குரல், உடைந்த பிறகு மெலிந்த குரல், நடுவில் எதுவும் இல்லை. கானா பாடுகிறவர்கள், மைக் இல்லாமல் பாடிப் பழகியவர்கள், குழந்தைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் உரத்தவர்கள் ஆகியோரிடம் இதைத்தான் அதிகம் கேட்கிறேன்.

பிழை எங்கே என்று காட்ட ஒரு கண்ணாடித் தம்ளரும் ஸ்ட்ராவும் போதும். பழச்சாறு குடிக்கிற சாதாரண ஸ்ட்ரா. தம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரல் கனம் மட்டும் மூழ்க வேண்டும். உதட்டை ஸ்ட்ராவைச் சுற்றி மூடி, மூக்கில் காற்று கசியாமல், ‘ஊ’ என்ற ஓசையோடு ஊதுங்கள். குமிழி வரும். இப்போது அதே சங்கு வழுக்கலை இதற்குள் செய்யுங்கள்.

குமிழிகளைப் பாருங்கள். சுருதி ஏறினாலும் குமிழி சீராக வந்துகொண்டிருக்க வேண்டும். உடையும் இடத்துக்குக் கீழேயே, உங்களுக்குச் சிரமமே இல்லை என்று தோன்றும் இடத்தில், குமிழிகள் திடீரெனப் பெரிதாகித் தண்ணீர் வெளியே தெறிக்கிறதா? அங்கேதான் நீங்கள் காற்றை அழுத்தத் தொடங்கியிருக்கிறீர்கள். உள்தசை இறுகியே இருப்பதால் அதைத் தாண்ட அதிகக் காற்று தேவைப்படுகிறது, அதிகக் காற்று வந்ததால் தசை இன்னும் இறுகுகிறது. தம்பிக்குத் தண்ணீர் தெறித்தது `C4`இல். குரல் உடைந்தது அதற்கு மூன்று சுரம் மேலே, `F4`இல். தன் சட்டை நனைந்ததைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னதை அவன் ஒத்துக்கொண்டான்.

சோதனைக்கு எடுத்த ஸ்ட்ராவே மருந்தும். தண்ணீர் கொடுக்கும் எதிர் அழுத்தம் நாண்கள் கடுமையாக மோதாமல் மெத்தென்று சேர உதவுகிறது. குமிழி தெறிக்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, இடைநிலத்துக்கு இரண்டு சுரம் கீழே தொடங்கி, இரண்டு சுரம் மேலே வரை ஏறி இறங்குங்கள். ஒரு வேளைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை. இருபது நிமிடம் ஒரேயடியாகச் செய்வதைவிட இப்படிப் பிரித்துச் செய்வது நல்லது. தசை கற்றுக்கொள்ள வேண்டியது விடுவதை. களைத்த தசை விடாது, பிடித்துக்கொள்ளும்.

குமிழி சீரானதும் ஸ்ட்ராவை விட்டு, உதட்டைப் படபடக்க விடுங்கள். குழந்தைகள் வண்டி ஓட்டி விளையாடும்போது செய்யும் அதே ‘புர்ர்ர்’. ச ரி க ம ப ம க ரி ச என்று ஒரே மூச்சில், பிறகு ஸட்ஜத்தை அரைச் சுரம் ஏற்றி மறுபடியும். உதடு நிற்கிற இடம் உங்கள் பிழையின் இடம். நின்றால் அரைச் சுரம் இறக்கி மூன்று முறை செய்துவிட்டு மறுபடி ஏறுங்கள். கன்னத்தை இரண்டு விரலால் லேசாகத் தாங்கிக்கொண்டால் உதடு எளிதாகப் படபடக்கும்.

இதற்கடுத்து ‘ங்’. நம் மொழியில் இது தயாராக இருக்கிறது. ‘சங்கு’ என்று சொல்லத் தொடங்கி ‘சங்’கிலேயே நின்றால் நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டியிருக்கும், ஓசை மூக்கில் ஓடும். அந்த ஓசையில் வழுக்குங்கள். இதில் கத்த முடியாது என்பதே இதன் பயன். ‘ங்’கில் துள்ளாமல் தாண்டியபின் தாண்டிய இடத்திலேயே வாயைத் திறந்து ‘ங்ஓ’ என்று உயிரெழுத்துக்கு வாருங்கள்.

அறிகுறி: உடையவில்லை, ஆனால் கத்துகிறேன்

இது முந்தையதைவிடக் கவலைக்குரியது. உடைகிற குரல் தன் பிழையைத் தானே சொல்லிவிடுகிறது. இது மறைக்கிறது. மார்புக் குரலை இடைநிலத்தைத் தாண்டியும் இழுத்துக்கொண்டே போவார்கள். கழுத்து நரம்பு புடைக்கும், தாடை முன்னே வரும், முகவாய் உயரும். கேட்கிறவர்கள் “என்ன கம்பீரம்” என்பார்கள். மறுநாள் காலை குரல் கம்மியிருக்கும்.

எங்கள் குழுவில் மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா இருக்கிறார். சந்தையில் நாள் முழுவதும் பேரம் பேசுகிற குரல். ஐந்து கட்டையில் தார ஸட்ஜம் வரை ஒரே கனத்தில் ஏறிவிடுவார். அதற்கு மேல் ஒரு சுரம்கூடக் கிடையாது. தம் குரல் அவ்வளவுதான் என்று இருபது ஆண்டுகளாக நம்பியிருந்தார். மேலே இருந்த ஒரு முழுக் குரலை அவர் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

சோதனை: ஆட்காட்டி விரலைக் குரல்வளை மேட்டின் மீது மெல்ல வையுங்கள், அழுத்த வேண்டாம். எச்சிலை விழுங்கினால் அது எவ்வளவு மேலே போகிறது என்று பாருங்கள். இப்போது பாடிக்கொண்டு ஏறுங்கள். சற்று நகர்வது இயல்பு. விழுங்கும்போது போன உயரத்துக்கே போனால் நீங்கள் விழுங்கும் தசைகளை வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்கு மேலே ஏறும் பயிற்சி எதுவும் கொடுக்கக் கூடாது. ஏறினால் கனத்தைத் தூக்கிக்கொண்டேதான் ஏறுவார்கள். மேலிருந்து கீழே வர வேண்டும். குயில் கூவுவதைப் போல, தலைக் குரலில், சிறிய சத்தத்தில் ‘கூ’ என்று தொடங்குங்கள். ஆண்கள் `A4` பக்கத்தில், பெண்கள் `C5` பக்கத்தில். அங்கிருந்து ப ம க ரி ச என்று ஐந்து சுரம் இறங்குங்கள். கீழே வரும்போது குரல் தானாகத் தடிக்கப் பார்க்கும், விடாதீர்கள். சத்தம் போதவில்லை, பாட்டு மாதிரியே இல்லை என்று தோன்றும். அப்படித் தோன்றினால் சரியாகச் செய்கிறீர்கள். தொடக்கத்தை அரையரைச் சுரமாக இறக்கிக்கொண்டே வந்து, இடைநிலத்துக்குக் கீழே `A3` வரைக்கும் அந்த மெலிவைக் கொண்டுவாருங்கள்.

கீழே மெலிந்து பாடத் தெரிந்தவர்தான் மேலே கனமில்லாமல் போக முடியும். அந்த அக்காவுக்கு இது பிடிபட ஐந்து வாரம் ஆனது. ஆறாவது வாரம் தார ஸ்தாயி காந்தாரத்தைத் தொட்டபோது பாட்டை நிறுத்திவிட்டு அழுதுவிட்டார்.

அறிகுறி: தலைக் குரல் காற்றாகப் போகிறது

துள்ளலே இல்லாவிட்டாலும் மேலே போனதும் குரல் ஊதல் போல ஆகிவிடுகிறது. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்தால் சூடான காற்று படுகிறது. மார்புக் குரலில் ஒரு மூச்சுக்குப் பதினைந்து விநாடி நீட்டுகிறவர் இங்கே ஆறில் தீர்ந்துபோகிறார்.

முந்தைய இரண்டுக்கும் இது நேர் எதிர். உள்தசை முழுவதுமாக விட்டுவிட்டது, நாண்களின் ஓரங்கள் சந்திக்கவே இல்லை. எனவே முன்பு சொன்ன மெலிதாக்கும் பயிற்சிகளை இவர்கள் செய்தால் நிலைமை மோசமாகும். ‘ஹூ’ என்று தொடங்கும் எதையும் தவிர்க்க வேண்டும், ‘ஹ’ காற்றைத் திறந்துவிடுகிறது. ‘க’ மூடிவிட்டுத் திறக்கிறது. அதனால் குறுகக் குறுக, வெட்டி வெட்டி, ‘கு கு கு கு கூ’ என்று ஒரே சுரத்தில் ஐந்து முறை. கடைசியை மட்டும் நான்கு விநாடி நீட்டுங்கள். முதல் நான்கில் இருந்த கூர்மை ஐந்தாவதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அரைச் சுரம் மாற்றுங்கள். நாளுக்கு இருபது முப்பது முறைக்கு மேல் வேண்டாம்.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு இங்கே ஒரு மனத்தடை உண்டு. தலைக் குரலைக் கள்ளக்குரல் என்று பெயரிட்டு, அது கூடாது என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். அந்த இசைக்கு அது நியாயமான விதி. மேடையில் திறந்த குரல்தான் அதன் அழகு. ஆனால் மேடையில் பாடத் தடை உள்ள குரலுக்குப் பயிற்சியிலும் தடை போட்டுவிட்டால், முன்தசைக்கு வேலையே பழகாமல் போகும். தனியறையில் தலைக் குரலை வலுவாக்கிக்கொண்டவரின் திறந்த குரலே தார ஸ்தாயியில் இளகி நிற்கிறது. இதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

அறிகுறி: ஏறும்போது சரி, இறங்கும்போது இடறுகிறது

ஏறும் பயிற்சியை மட்டுமே செய்து முன்னேறியவர்களிடம் வருவது. மெலிந்த குரலிலேயே இறங்கி, அது தீர்ந்துபோகும் ஆழம் வரை வந்து, உள்தசை ஒரேயடியாகப் பிடித்துக்கொள்கிறது. படியில் கடைசிப் படி இருப்பதாக நினைத்துக் கால் வைத்துத் தரையில் மோதுவது போல ஒரு ‘தொக்’.

இங்கே தசை சீக்கிரமே உள்ளே வர வேண்டும். இடைநிலத்தின் மேல் எல்லையில் ‘ஊ’ என்று தொடங்கி இறங்கும்போதே ஊ, ஓ, ஆ என்று வாயைப் படிப்படியாகத் திறந்துகொண்டு வாருங்கள். சத்தத்தைக் கூட்டாதீர்கள். வாய் திறக்கத் திறக்க உள்தசை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொள்ளும்.

இது பழகியபின் கடினமான ஒன்று. இடைநிலத்தின் நடுச் சுரத்தில் நின்று, மிக மெல்லிய தலைக் குரலில் தொடங்கி, நான்கு எண்ணிக்கையில் பெருக்கி, நான்கு எண்ணிக்கையில் சுருக்குங்கள். பெருக்கும்போது துள்ளாமல் கனம் சேர வேண்டும், சுருக்கும்போது துள்ளாமல் கழன்றுவிட வேண்டும். நான் அறிந்த பயிற்சிகளில் இதற்கு இணையாக இரண்டு குரலையும் தைப்பது வேறில்லை. முதல் மாதத்தில் இதைத் தொடக் கூடாது, தொட்டால் கத்தத்தான் பழகுவீர்கள்.

அறிகுறி: பயிற்சியில் தாண்டுகிறேன், பாட்டில் உடைகிறது

பாட்டின் அந்த இடத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ‘ஆ’.

ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் வாயும் தொண்டையும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட உயரத்தில் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். ‘ஆ’வுக்கு அந்த உயரம் ஆண் குரலில் சுமார் 700 ஹெர்ட்ஸ். ‘ஊ’வுக்கும் ‘ஈ’க்கும் சுமார் 300. நீங்கள் `F4` பாடும்போது குரல் 349 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அதன் இரு மடங்கு ஓசையும் கூடவே வருகிறது. அது 698. ‘ஆ’வின் பெருக்கத்தோடு சரியாக மோதும் இடம். அதுவரை அந்தப் பெருக்கம் கனத்த குரலைத் தாங்கிக்கொண்டு வந்தது. கத்துவது சுலபமாக இருப்பதே அதனால்தான். அந்த உயரத்தைத் தாண்டியதும் தாங்கல் போய்விடுகிறது, குரல் விழுகிறது. ‘ஊ’வில் இந்தக் கடப்பு மிகவும் கீழேயே, பேச்சுக் குரலின் உயரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பயிற்சியில் ‘ஊ’ தாண்டுவதற்கும் பாட்டில் ‘ஆ’ விழுவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே இடைநிலத்தின் தொடக்கத்திலேயே ‘ஆ’வை ‘ஓ’வின் பக்கம் சாய்த்துவிடுங்கள். முழு ‘ஓ’ ஆக வேண்டாம், சொல் கெட்டுவிடும். உதட்டின் ஓரங்களைச் சற்று உள்ளே கொண்டுவந்தால் போதும். உங்களுக்கு உள்ளே மந்தமாகக் கேட்கும், எதிரே இருப்பவருக்கு ‘ஆ’ என்றே கேட்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் பதிவு செய்து கேளுங்கள்.

இது பயிற்சியால் தீராத வகை

குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மலாகவே இருந்தாலோ, பாடும்போது வலித்தாலோ, நேற்று வரை வந்த மெல்லிய உயர்ந்த சுரங்கள் இன்று காற்றாக மட்டும் வந்தாலோ, நாண்களில் வீக்கமோ முடிச்சோ இருக்கலாம். மேலே சொன்ன எதையும் செய்யாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். நம் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பையன்களின் குரல் உடைவது வளர்ச்சி. அவர்களை மெதுவாகப் பாட விடுங்கள், விரட்டாதீர்கள்.

தம்பியின் ஏழு வாரம்

அவனுக்கு முதல் அறிகுறிதான், ‘ஆ’வின் சிக்கலும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. முதல் இரண்டு வாரம் ஸ்ட்ராவும் உதட்டுப் படபடப்பும் மட்டும். கானாவை விடச் சொல்லவில்லை. அது அவன் உயிர், அவன் வருமானமும்கூட. சுருதியை ஒரு முழுச் சுரம் இறக்கிப் பாடச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தான், பிறகு செய்தான். இரண்டாம் வாரக் கடைசியில் `C4`இல் தண்ணீர் தெறிக்கவில்லை.

மூன்றாம் வாரம் மேலிருந்து இறங்கும் ‘கூ’ தொடங்கினோம். மூன்று நாளில் எல்லாம் கலைந்தது. சாவு வீடு ஒன்றில் விடிய விடிய, மைக் இல்லாமல் பாடியிருக்கிறான். போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது, அது அவனுடைய தெருவின் துக்கம். இரண்டு நாள் பேச்சையும் குறைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் மறுபடி ஸ்ட்ராவிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு வாரம் பின்தங்கினோம்.

ஐந்தாம் வாரம் `A4` முதல் `A3` வரை மெலிந்த ‘கூ’வை உடையாமல் கொண்டுவந்தான். அன்றுதான் ‘ங்’கிலிருந்து ‘ஓ’, ‘ஓ’விலிருந்து பாட்டின் சொல் என்று போனோம். அந்த மூன்றாவது அடி `C4`இல் தொடங்கி `D4`, `E4`, `F4` என்று ஏறுகிறது. அவன் வழக்கமாக `C4`ஐ முழுக் கனத்தோடு பிடித்துக்கொண்டு புறப்படுவான். `C4`ஐ பாதிச் சத்தத்தில் தொடங்கு, `E4`இல் சத்தம் வரட்டும் என்றேன். அவனுக்கு அது தலைகீழாகத் தோன்றியது. நாலைந்து முறை பழக்கத்தில் கனத்தோடே தொடங்கி உடைத்தான். ஆறாவது முறை மெல்லத் தொடங்கினான். `F4` திறந்து நின்றது. அவன் நிறுத்தாமல் அடுத்த அடிக்குப் போய்விட்டான், தாண்டியதே அவனுக்குத் தெரியவில்லை.

ஏழாம் வாரம் மறுபடி அளந்தோம். நடுத்தரச் சத்தத்தில் ‘ஆ’ வழுக்கலில் துள்ளல் இல்லை. `D#4` பக்கம் குரலின் நிறம் மட்டும் மாறுவது பதிவில் கேட்டது. உரத்த சத்தத்தில் பத்துக்கு இரண்டு முறை இன்னும் `F4`இல் உடைகிறது. இறங்கும்போது `C4`இல் அந்த ‘தொக்’ அப்படியே இருக்கிறது. இந்த வாரம் ஊ, ஓ, ஆ தொடங்கியிருக்கிறோம்.